எஞ்சின் கணக்கைத் திருத்தி எழுதினால்

“ரீமேப் போடுங்க சார், வண்டி பறக்கும்!” டர்போ டீசல் கார் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் வாசகம் இது. ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாமல், லேப்டாப்பை இணைத்தே பல கார்களில் வேலை முடிந்துவிடுகிறது. உள்ளே மாறுவது என்ன?

எஞ்சினை ஆளும் ஈசியூ என்ற கணினிக்குள் ஏராளமான எண் அட்டவணைகள் உண்டு. அவைதான் மேப். எஞ்சின் இந்த வேகத்தில் சுற்றும்போது ஆக்சிலேட்டரை இவ்வளவு மிதித்தால் இவ்வளவு டீசல், இவ்வளவு பூஸ்ட் என்று கட்டத்துக்குக் கட்டம் எழுதியிருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிலிண்டருக்குள் ஒவ்வொரு முறையும் 1,000 மில்லிகிராம் காற்று போகிறது, 50 மில்லிகிராம் டீசல் தெளிக்கப்படுகிறது. காற்று 20 பங்கு, டீசல் ஒரு பங்கு. டீசலை மட்டும் 60 ஆக்கினால் காற்று 17 பங்குக்கும் கீழே இறங்கும். இரண்டும் சரியாகக் கலக்க நேரம் கிடைக்காமல் கரும்புகை கிளம்பும். அதைத் தடுக்கவே புகை வரம்பு மேப் ஒன்றை வைத்திருக்கிறார்கள். அவசரக்காரர்கள் முதலில் தளர்த்துவது அந்த வரம்பைத்தான்.

பழைய விகிதம் நிற்க 1,200 மில்லிகிராம் காற்று வேண்டும். டர்போ 2 பாருக்குப் பதில் 2.4 பார் அழுத்தம் தர வேண்டும். அழுத்தினால் காற்று சூடாகும் என்பதால் உண்மையில் இன்னும் சற்றுக் கூடுதலாகவே தேவைப்படும். டர்போ இன்னும் வேகமாகச் சுழலும், கிளட்ச் மேல் சுமை ஏறும். டாப் கியரில் முழுதாக மிதிக்கும்போது எஞ்சின் மட்டும் உறுமி, வண்டி வேகமெடுக்காவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது என்று அர்த்தம்.

பிஎஸ்6 வண்டியில் கூடுதல் கரி, புகை வடிகட்டியை விரைவில் அடைக்கும். அதை எரித்துச் சுத்தம் செய்யும் வேலை அடிக்கடி நடந்தால் டீசல் எஞ்சின் ஆயிலில் கலந்து ஆயில் மட்டம் உயரும். புகைச் சான்றிதழ் கிடைத்துவிட்டதே என்று நிம்மதி கொள்ள முடியாது. டீசலுக்கான அந்தச் சோதனை புகையின் அடர்த்தியை அளக்கிறதே தவிர, நைட்ரஜன் ஆக்சைடுகளை அளப்பதில்லை.

சர்வீஸுக்கு முன் பழைய மேப்பைத் திரும்ப ஏற்றிவிட்டால் தெரியாது என்பதும் நம்பத்தக்கதல்ல. எத்தனை முறை எழுதப்பட்டது என்ற எண்ணிக்கை பல ஈசியூக்களில் பதிவாகியிருக்கும். டர்போ போனால் வாரண்டியில் மாற்றித்தர நிறுவனம் மறுக்கலாம்.

காப்பீட்டிலும் இதே சிக்கல்தான். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி, சொந்த வண்டியின் சேதத்துக்கான இழப்பீட்டைக் குறைக்கவோ மறுக்கவோ வாய்ப்புண்டு. அனுமதியில்லாத மாற்றத்துக்கு மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவு ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கிறது.

வாரண்டி ஓடும் வண்டியில் இதைத் தொடாதீர்கள். ஏற்கெனவே ரீமேப் செய்த பழைய காரை வாங்கப்போகிறீர்கள் என்றால், பணம் கொடுக்கும் முன் ஈசியூவைக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.