எரிதப் புகார் விகிதமும் ஆள்கள நற்பெயரும்: போஸ்ட்மாஸ்டர் தகவல் பலகையைப் படித்தல்

போஸ்ட்மாஸ்டர் தகவல் பலகை என்பது, ஒரு நிறுவனம் அனுப்பும் மின்னஞ்சல்களைப் பெறுநர்கள் எப்படி எதிர்கொள்கிறார்கள் என்பதை அந்நிறுவனத்துக்கே காட்டும் இணையச் சேவை ஆகும். பெரிய அஞ்சல் பெட்டி வழங்குநர்கள் இதை இலவசமாக வழங்குகிறார்கள். கூகுள் 2015-ஆம் ஆண்டில் தொடங்கிய போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ் இவற்றுள் பரவலாகப் பயன்படுவது. ஜிமெயில் பயனர்கள் எத்தனை பேர் ஓர் அஞ்சலை எரிதம், அதாவது ஸ்பேம், எனக் குறித்தார்கள் என்பதையும், அனுப்பும் ஆள்களத்தின் நற்பெயரையும் அறிய இது உதவுகிறது.

இந்தப் பலகையில் அதிகம் பார்க்கப்படும் எண் புகார் விகிதம். அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் அதுவே. விகிதம் உயர்வது எப்போதும் கெட்ட செய்தி அல்ல. குறைவது எப்போதும் நல்ல செய்தியும் அல்ல. இதன் காரணத்தை நாமக்கல் வட்டாரத்தின் முட்டை வணிகத்தை ஒட்டிய ஒரு கற்பனை எடுத்துக்காட்டின் மூலம் இக்கட்டுரை விளக்குகிறது.

## பலகையில் இணைதல்

`postmaster.google.com` தளத்தில் நிறுவனத்தின் ஆள்களப் பெயரைச் சேர்த்து, அது தம்முடையதுதான் என்று நிறுவ வேண்டும். இதற்குக் கூகுள் தரும் ஒரு வரியை ஆள்களத்தின் டி.என்.எஸ். பதிவுகளில் டெக்ஸ்ட் வகைப் பதிவாக இட வேண்டும்.

```
google-site-verification=கூகுள்-தரும்-குறியீடு
```

இணைந்த பிறகும் பலகை வெறுமையாக இருந்தால் இரண்டு காரணங்களைப் பார்க்கலாம். முதலாவது, அஞ்சல் எண்ணிக்கை மிகக் குறைவாக இருப்பது. பயனர்களின் அந்தரங்கம் கருதி, சிறு எண்ணிக்கைக்குக் கூகுள் தரவு காட்டுவதில்லை. இரண்டாவது, அஞ்சல்கள் வேறொருவரின் பெயரில் கையொப்பமிடப்படுவது. புகார் விகிதம் டி.கே.ஐ.எம். கையொப்பம் உள்ள அஞ்சல்களுக்கே கணக்கிடப்படுகிறது. மொத்த அஞ்சல் அனுப்பித் தரும் சேவை நிறுவனம் தன் ஆள்களத்தின் பெயரிலேயே கையொப்பமிட்டால், தரவும் அந்த நிறுவனத்தின் கணக்கிலேயே சேரும். ஜிமெயிலில் ஓர் அஞ்சலைத் திறந்து `Show original` என்பதைத் தேர்ந்து, கையொப்ப வரியிலுள்ள `d=` பகுதியில் நம் ஆள்களப் பெயர் இருக்கிறதா என்று பார்த்தால் இது தெளிவாகும்.

## விகிதம் கணக்கிடப்படும் முறை

கூகுளின் வரையறைப்படி, புகார் விகிதம் என்பது பயனர்கள் எரிதம் எனக் குறித்த அஞ்சல்களை, இயக்கத்திலுள்ள பயனர்களின் உள்பெட்டிக்குச் சென்ற அஞ்சல்களால் வகுத்து வரும் விழுக்காடு ஆகும். வகுக்கும் எண் அனுப்பிய மொத்த அஞ்சல் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். கூகுள் தானாகவே எரிதப் பெட்டிக்குத் தள்ளிய அஞ்சல்கள் இக்கணக்கில் வருவதில்லை. அங்கே கிடக்கும் அஞ்சலைப் பயனர் பார்ப்பதே அரிது. ஏற்கெனவே எரிதப் பெட்டியில் உள்ளதை மீண்டும் எரிதம் எனக் குறிக்கவும் இயலாது.

இந்த விகிதத்தை 0.1 விழுக்காட்டுக்குக் கீழே வைத்திருக்கவும், 0.3 விழுக்காட்டை ஒருபோதும் எட்டாமல் பார்த்துக்கொள்ளவும் கூகுள் அறிவுறுத்துகிறது. உள்பெட்டிக்குச் சென்ற ஆயிரம் அஞ்சல்களுக்கு ஒரு புகார் என்பது 0.1 விழுக்காடு. 2024 பிப்ரவரியில் கூகுளும் யாகூவும் மொத்தமாக அஞ்சல் அனுப்புவோருக்கான விதிகளைக் கொண்டுவந்தன. தனிநபர் ஜிமெயில் கணக்குகளுக்கு 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 5,000 அல்லது அதற்கு மேற்பட்ட அஞ்சல்களை அனுப்பும் ஆள்களத்தைக் கூகுள் இந்த வகையில் சேர்க்கிறது. ஒருமுறை சேர்ந்தால், பிறகு எண்ணிக்கை குறைந்தாலும் அந்த நிலை நீங்குவதில்லை.

## ஆள்கள நற்பெயர்

போஸ்ட்மாஸ்டர் டூல்ஸின் முதல் வடிவில் ஆள்கள நற்பெயர் `High`, `Medium`, `Low`, `Bad` என்ற நான்கு படிகளில் காட்டப்பட்டது. `High` என்ற படியில் உள்ள ஆள்களத்தின் அஞ்சல்கள் வடிகட்டியில் சிக்குவது அரிது. `Low` என்றால் அவை எரிதப் பெட்டிக்குச் செல்ல வாய்ப்பு மிகுதி. `Bad` என்றால் ஏறக்குறைய எப்போதும் மறுக்கப்படும் அல்லது எரிதமாகக் கருதப்படும்.

2024-இல் வந்த இரண்டாம் வடிவில் இந்த நற்பெயர் வரைபடம் இடம்பெறவில்லை. முதல் வடிவை 2025 செப்டம்பர் இறுதியுடன் நிறுத்துவதாகவும் கூகுள் அறிவித்தது. வரைபடம் இல்லாவிட்டாலும், வடிகட்டி ஓர் ஆள்களத்தின் கடந்தகால நடத்தையைக் கணக்கில் எடுப்பது தொடர்கிறது. எனவே நற்பெயரை மற்ற அடையாளங்களிலிருந்து ஊகித்து அறிய வேண்டியுள்ளது. புகார் விகிதத்தை மட்டும் வைத்து அதை ஊகிப்பது தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும்.

## எடுத்துக்காட்டு: முட்டை விலை அஞ்சல்

தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு நாமக்கல் மண்டலத்துக்கான முட்டைப் பண்ணை விலையை அறிவிக்கிறது. ஒரு கோழித் தீவன விற்பனை நிறுவனம் அந்த விலையையும் தன் தீவன விலையையும் சேர்த்து, பண்ணையாளர்களுக்கு நாள்தோறும் மின்னஞ்சலில் அனுப்புவதாகக் கொள்வோம். பட்டியலில் 6,000 ஜிமெயில் முகவரிகள் உள்ளன. அனைவரும் கேட்டுச் சேர்ந்தவர்கள். ஒரு திங்கட்கிழமை, சேலம், ஈரோடு வணிகர்களின் 4,000 முகவரிகளை நிறுவனம் யாரிடமோ வாங்கிப் பட்டியலில் சேர்க்கிறது. பின்வரும் எண்கள் விளக்கத்துக்காக அமைத்தவை.

| நாள் | அனுப்பியவை | உள்பெட்டிக்குச் சென்றவை | புகார்கள் | விகிதம் |
|---|---|---|---|---|
| சேர்ப்பதற்கு முன் | 6,000 | 5,900 | 3 | 0.05% |
| முதல் நாள் | 10,000 | 9,500 | 38 | 0.4% |
| மூன்றாம் நாள் | 10,000 | 6,000 | 30 | 0.5% |
| ஏழாம் நாள் | 10,000 | 1,000 | 1 | 0.1% |
| பத்தாம் நாள் | 10,000 | 600 | 0 | 0% |

இந்த அட்டவணையின் மூன்றாம், நான்காம் நிரல்கள் நிறுவனத்துக்குத் தெரியாது. பலகையில் தெரிவது கடைசி நிரல் மட்டுமே. அதை மட்டும் பார்ப்பவர், மூன்றாம் நாளில் சிக்கல் இருந்தது, பத்தாம் நாளில் தீர்ந்துவிட்டது என்று கருதுவார். உண்மையில் பத்தாம் நாளில்தான் நிலைமை மிக மோசம். அஞ்சல்களில் பெரும்பகுதி எரிதப் பெட்டியில் கிடக்கிறது. தொடர்ந்து திறந்து படிக்கும் சிலருக்கு மட்டுமே அது உள்பெட்டியில் சேர்கிறது; அவர்கள் புகார் செய்வதில்லை.

இழப்பு புதிய 4,000 பேரோடு நிற்பதில்லை. முன்பே கேட்டுச் சேர்ந்த பண்ணையாளர்களுக்கும் விலை போய்ச் சேரவில்லை. இன்றைய முட்டை விலை நாளை கண்ணில் பட்டால் பயனில்லை. அதே ஆள்களத்திலிருந்து செல்லும் விலைப்பட்டியல், பாக்கி நினைவூட்டல் போன்ற அஞ்சல்களும் எரிதப் பெட்டிக்குச் செல்லக்கூடும்.

## உண்மை நிலையை அறிதல்

விகிதம் குறையும்போது, அதை நிறுவனத்திடம் உள்ள வேறு எண்களுடன் ஒப்பிட வேண்டும். அஞ்சலில் உள்ள விலை இணைப்பை நாளொன்றுக்கு 900 பேர் சொடுக்கி வந்து, அது 140 ஆகக் குறைந்திருந்தால், அஞ்சல் உள்பெட்டியை அடையவில்லை என்று பொருள். விகிதம் குறைந்து, சொடுக்குகள் பழைய அளவிலேயே இருந்தால்தான் அது முன்னேற்றம். யாகூவிலும் அவுட்லுக்கிலும் சொடுக்குகள் குறையாமல் ஜிமெயிலில் மட்டும் குறைந்திருந்தால், சிக்கல் அஞ்சலின் உள்ளடக்கத்தில் அல்ல, ஜிமெயிலில் அந்த ஆள்களத்துக்குள்ள நற்பெயரில் என்று கருதலாம்.

இரண்டாவது அடையாளம் அனுப்பும் வழங்கியின் பதிவேட்டில் இருக்கும். `550 5.7.1` என்ற மறுப்புடன் `very low reputation of the sending domain` என்ற சொற்கள் வந்திருந்தால், நற்பெயர் வீழ்ந்ததைக் கூகுளே சொல்லிவிட்டது என்று கொள்ளலாம். பலகையின் `Delivery errors` பகுதியிலும் மறுப்புகளின் உயர்வு தெரியும்.

யார் புகார் செய்தார்கள் என்பதைக் கூகுள் சொல்வதில்லை. ஆனால் எந்த வகை அஞ்சலுக்குப் புகார் வந்தது என்பதை அறிய வழி உண்டு. ஒவ்வோர் அஞ்சலின் தலைப்பிலும் பின்வருவது போன்ற வரியைச் சேர்த்தால், வழக்கத்துக்கு மாறாகப் புகார் பெறும் அடையாளத்தைப் பலகையின் `Feedback loop` பகுதி காட்டும்.

```
Feedback-ID: pudhiya-pattiyal:namakkal:dhinavilai:anuppunar
```

பழைய பட்டியலுக்கும் புதியதற்கும் வெவ்வேறு முதல் சொல்லைக் கொடுத்திருந்தால், 38 புகார்களும் எங்கிருந்து வந்தன என்பது முதல் நாளிலேயே விளங்கியிருக்கும்.

## மீட்பு

முதலில் வாங்கிய 4,000 முகவரிகளையும் நீக்க வேண்டும். அடுத்து, கடந்த ஒரு மாதத்தில் இணைப்பைச் சொடுக்கியவர்களுக்கு மட்டும், எடுத்துக்காட்டாக 1,400 பேருக்கு, அனுப்பத் தொடங்க வேண்டும். அவர்கள் அஞ்சலைத் திறப்பதும், எரிதப் பெட்டியிலிருந்து வெளியே எடுப்பதும் நற்பெயரைச் சிறிது சிறிதாக உயர்த்தும். பிறகு மற்றவர்களைப் பகுதி பகுதியாகச் சேர்க்கலாம்.

இக்கட்டத்தில் விகிதம் 0-இலிருந்து 0.1 விழுக்காடாக உயரக்கூடும். அஞ்சல் மீண்டும் உள்பெட்டிக்கு வருவதால் பார்ப்பவர் கூடியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் புகார் செய்திருக்கிறார். சொடுக்குகளும் சேர்ந்து உயர்ந்தால் இது பின்னடைவு அல்ல. எண்ணிக்கை சிறிதாக இருக்கும்போது ஒரே புகார் விகிதத்தைப் பெரிதும் அசைக்கும் என்பதால், ஒரு நாளை விட ஒரு வாரப் போக்கைப் பார்ப்பதே சரி. கூகுளின் விதியும் இதை ஒட்டியது: 0.3 விழுக்காட்டைத் தாண்டிய மொத்த அனுப்புநர் கூகுளிடம் விநியோகச் சிக்கலுக்குத் தீர்வு கோர முடியாது. தொடர்ந்து ஏழு நாள்கள் அதற்குக் கீழே இருந்தால் மீண்டும் கோரலாம்.

அஞ்சல் வேண்டாம் என்பவர் எளிதில் விலக வழி இல்லாவிட்டால், எரிதப் பொத்தானையே விலகும் பொத்தானாகப் பயன்படுத்துவார். விளம்பர அஞ்சல்களில் ஒரே சொடுக்கில் விலகும் வசதியை மொத்த அனுப்புநர்களுக்குக் கூகுள் கட்டாயமாக்கியதற்கு இதுவே பின்னணி. இதற்குத் தலைப்பில் இரு வரிகள் தேவை.

```
List-Unsubscribe: <https://example.com/vilagu?id=123>
List-Unsubscribe-Post: List-Unsubscribe=One-Click
```

## மற்ற வழங்குநர்கள்

யாகூ தன் புகார் பின்னூட்டச் சேவையில் ஒவ்வொரு புகாரையும் தனித்தனி அறிக்கையாக அனுப்புகிறது. எனவே புகார் செய்தவரை உடனே பட்டியலிலிருந்து நீக்க முடிகிறது. மைக்ரோசாப்டின் எஸ்.என்.டி.எஸ். சேவை ஆள்களத்தை அல்லாமல் ஐ.பி. முகவரியை அளக்கிறது. அதில் தெரியும் பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்கள் வடிகட்டியின் தீர்ப்பைக் குறிப்பவை. புகார் விகிதம் வேறொரு நிரலில் இருக்கும். பலருடன் ஐ.பி. முகவரியைப் பகிரும் சிறு நிறுவனத்துக்கு இந்தச் சேவை பொதுவாகக் கிட்டாது. அதன் எண்களை அஞ்சல் அனுப்பித் தரும் சேவை நிறுவனத்திடமே கேட்டறிய வேண்டும்.