நீண்ட வீடியோவை எங்கே வெட்டுவது?

மூன்று மணி நேரம் ஓடும் ஆங்கில மருத்துவக் கருத்தரங்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 150 சொல் என்று வைத்தாலே, அதன் பேச்சை எழுத்தாக்கினால் 27,000 சொற்கள் வரும். அதை அப்படியே மொழி மாதிரியிடம் கொடுத்துச் சுருக்கம் கேட்டால், தொடக்க உரையும் நிறைவுரையும் தெளிவாக வந்து, நடுவில் பேசியவர்கள் ஒரே வரியில் அடங்கிப்போகக்கூடும். நீண்ட உரையின் நடுவில் உள்ள தகவலைத் தேடி எடுப்பதில் மொழி மாதிரிகள் தடுமாறுவதை 2023-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது.

அதனால்தான் உரையைத் துண்டுகளாக்குகிறார்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு துண்டு என்றால், 1,500 சொற்கள் வீதம் 18 துண்டுகள். ஒவ்வொன்றையும் தனித்தனியே சுருக்கி, பிறகு அந்தச் சுருக்கங்களைச் சேர்த்து ஒன்றாக்க வேண்டும்.

சிக்கல் வெட்டும் இடத்தில்தான் இருக்கிறது. ஐம்பதாவது நிமிடம் முடியும்போது ஒரு மருத்துவர், "இந்த மருந்து நல்ல பலன் தருகிறது" என்கிறார். அடுத்த மூச்சில், "ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இதைக் கொடுக்கக் கூடாது" என்கிறார். இரண்டுக்கும் நடுவே வெட்டு விழுந்தால், ஐந்தாம் துண்டின் சுருக்கம் மருந்தைப் பாராட்டுவதோடு நின்றுவிடும். ஆறாம் துண்டில் எச்சரிக்கை இருக்கும்; 'இதை' என்பது எந்த மருந்து என்று தெரியாது.

ஆகவே கடிகாரத்தை மட்டும் பார்த்து வெட்டக் கூடாது. பேச்சாளர் மாறும் இடமோ, பேச்சு சற்று நிற்கும் இடமோ பார்த்து வெட்டலாம். தானாக உருவாகும் வசனங்களில் பல சமயம் முற்றுப்புள்ளி இருக்காது. அங்கே நேரக்குறிகளுக்கு இடையே உள்ள இடைவெளிதான் வழிகாட்டி. அதோடு, முந்தைய துண்டின் கடைசி ஒரு நிமிடப் பேச்சை அடுத்த துண்டின் தலையில் மறுபடியும் வைக்க வேண்டும். யார் பேசுகிறார், எதைப் பற்றி என்ற இரண்டு வரிக் குறிப்பையும் சேர்த்துக் கொடுத்தால், 'இதை' என்பது எதைக் குறிக்கிறது என்பது தெளிவாகிவிடும்.

இப்படிச் செய்தாலும், சுருக்கங்களைச் சேர்க்கும்போது இன்னொரு இழப்பு நேரும். சுருக்கத்தை மறுபடி சுருக்கும்போது எளிதில் உதிர்வது 'ஆனால்', 'சிலருக்கு மட்டும்' போன்ற நிபந்தனைகள். இருமுறை வைத்த பேச்சு, இரண்டு தனிக் கருத்துகளாக வந்துவிடுவதும் உண்டு. இரண்டையும் கண்டுபிடிக்க ஒரு வழி, ஒவ்வொரு கருத்தோடும் அது சொல்லப்பட்ட நேரத்தையும் எழுதச் சொல்வது. 50:10 என்ற குறி இரண்டு இடத்தில் இருந்தால், சொன்னது ஒன்றே என்று புரியும்.

நேரக்குறி இருந்தாலும் சரிபார்க்கும் வேலை நம்முடையதுதான். மருந்து, பணம், சட்டம் பற்றிய வரி சுருக்கத்தில் இருந்தால், அந்த நிமிடத்துக்குப் போய், அதற்கு அடுத்து வரும் பேச்சையும் சேர்த்துக் கேளுங்கள். பிறகு வீடியோவின் நடுவில் எங்காவது ஓர் இடத்தைக் கேட்டு, அது சுருக்கத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்த இரண்டு சோதனையிலும் தேறாத சுருக்கத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள்.