மேட்டுப்பாளையத்தில் டிக்கெட், கோவையில் ஏற்றம்

ஞாயிற்றுக்கிழமை இரவு கோவையிலிருந்து சென்னைக்கு ரயில் டிக்கெட் தேடியவர்களுக்கு அந்தத் தவிப்பு தெரியும். எந்த வண்டியைத் திறந்தாலும் வெயிட்டிங் லிஸ்ட். என் அக்கா மகள் ஒருமுறை போனில், “எல்லாத்துலயும் பார்த்துட்டேன் மாமா, பஸ்ஸுலதான் போகணும் போல” என்றாள். “நீலகிரி எக்ஸ்பிரஸ் எங்கேயிருந்து கிளம்புதுன்னு பார்த்தியா?” என்று கேட்டேன். “கோயம்புத்தூர்லதானே ஏறுவோம்?” என்றாள்.

ஏறுவது கோவையில்தான். ஆனால் அந்த வண்டி புறப்படுவது மேட்டுப்பாளையத்தில், சுமார் 35 கிலோமீட்டர் முன்னால். டிக்கெட்டை எந்த ஊரிலிருந்து கேட்கிறோம் என்பதைப் பொறுத்து, ஒரே பெட்டியில் ஒரே இரவில் இடம் இருக்கிறது என்றும் இல்லை என்றும் பதில் மாறலாம்.

காரணம் கோட்டா. ஒரு வண்டியின் படுக்கைகள் எல்லாம் ஒரே கூடையில் கிடப்பதில்லை. பெரும்பகுதி பொதுக் கோட்டாவில் இருக்கும். அது புறப்படும் ஊரிலிருந்தோ அதை ஒட்டிய நிலையங்களிலிருந்தோ கடைசிவரை, அல்லது ஏறக்குறைய கடைசிவரை போகிறவர்களுக்கானது. வழியில் உள்ள முக்கியமான ஊர்களுக்குத் தனியாகச் சில படுக்கைகள் ஒதுக்கியிருப்பார்கள். சின்ன நிலையங்கள் பலவற்றுக்கும் சேர்த்துப் பொதுவாக இன்னும் ஒரு சிறு பங்கு உண்டு. ரயில்வேயின் கணக்கு புரியாததல்ல. நடுவழியில் ஏறுபவருக்கு ஒரு படுக்கையைக் கொடுத்தால், புறப்பட்ட இடத்திலிருந்து அதுவரை அது காலியாக ஓடக்கூடும். அதனால் முழுத்தூரம் போகிறவருக்கே முதல் மரியாதை. விளைவு, கூட்டம் அதிகமுள்ள நடுவழி ஊரின் சிறிய கூடை முதலில் தீர்ந்துவிடும். கூட்டமில்லாத புறப்படும் ஊரின் பெரிய கூடையில் மிச்சம் இருக்கும்.

இதைத் திரையிலேயே கண்டுபிடிக்கலாம். ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் ஒரே வண்டியை, ஒரே தேதியை, ஒரே வகுப்பை இரண்டு முறை பாருங்கள்: முதலில் கோவையிலிருந்து, அடுத்து மேட்டுப்பாளையத்திலிருந்து. கோவைக்கு `RLWL14/WL9` என்றும் மேட்டுப்பாளையத்துக்கு `AVAILABLE-0021` என்றும் வந்ததாக வைத்துக்கொள்வோம். `RLWL` என்றால் வழியில் உள்ள ஊருக்கான தனிக் கோட்டாவின் காத்திருப்பு. `PQWL` என்றால் பல நிலையங்கள் பங்குபோடும் கோட்டாவின் காத்திருப்பு. இவை இரண்டும் சிறிய கூடைகள். அந்தக் கோட்டாவில் டிக்கெட் எடுத்த சிலர் ரத்து செய்தால்தான் வரிசை நகரும். `GNWL` என்பது பொதுக் கோட்டாவின் காத்திருப்பு. அங்கே படுக்கைகள் அதிகம், ரத்தாவதும் அதிகம். எனவே `GNWL` 9 என்பதும் `RLWL` 9 என்பதும் ஒன்றல்ல. முன்னதை நம்பிக் காத்திருக்கலாம், பின்னதை நம்பி நான் பெட்டி கட்ட மாட்டேன்.

இரண்டு ஊருக்கும் ஒரே `GNWL`, ஒரே எண் என்று வந்தால், இரண்டும் ஒரே கூடையிலிருந்து எடுக்கின்றன என்று பொருள். அப்போது புறப்படும் ஊரிலிருந்து டிக்கெட் போட்டும் பயனில்லை, கூடுதல் பணம்தான் வீண். வண்டிக்கு வண்டி, ஊருக்கு ஊர் ஒதுக்கீடு வேறு என்பதால் ஒவ்வொரு முறையும் இரண்டு திரையையும் பார்த்துவிட்டு முடிவெடுப்பதே சரி.

இடம் இருக்கிறது என்று தெரிந்ததும் மேட்டுப்பாளையத்துக்கே போய் ஏறுவது ஒரு வழி. கோவையிலிருந்து பஸ்ஸும் பாசஞ்சர் ரயிலும் இருக்கின்றன. ஆனால் அந்த அலைச்சல் தேவையில்லை. டிக்கெட்டை மேட்டுப்பாளையத்திலிருந்து எடுத்து, ஏறும் இடத்தைக் கோவை என்று குறிக்க ரயில்வே விதியே அனுமதிக்கிறது. பயணிகளின் பெயர், வயது நிரப்பும் பக்கத்தில் `Boarding Station` என்ற தேர்வு இருக்கும். அதில் கோவையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். டிக்கெட் கைக்கு வந்ததும் `Boarding At` என்ற இடத்தில் கோவை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கட்டணம் மேட்டுப்பாளையத்திலிருந்துதான் வாங்குவார்கள். பயணிக்காத அந்தத் தூரத்துக்குப் பணம் திரும்பி வராது. 35 கிலோமீட்டர் என்பதால் ஸ்லீப்பரில் இந்த வித்தியாசம் சிறிய தொகைதான்.

பலர் சறுக்குவது இந்த ஏறும் இடத்தில்தான். மேட்டுப்பாளையம் டிக்கெட்டை எடுத்துவிட்டு, ஏறும் இடத்தை மாற்றாமல், “கோவையில் ஏறிக்கொண்டால் என்ன?” என்று நினைக்கிறார்கள். வண்டி புறப்பட்டதும் டி.டி.ஆர். தன் கையிலுள்ள கருவியில் வரிசையாகச் சரிபார்ப்பார். உங்கள் படுக்கையில் ஆள் இல்லையென்றால் வரவில்லை என்று பதிவாகும். ஆர்.ஏ.சி.யில் அரைப் படுக்கையில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு அது போய்விடும். கோவையில் நீங்கள் ஏறும்போது அவர் அங்கே போர்த்திப் படுத்திருப்பார். கன்ஃபர்ம் டிக்கெட்டைக் காட்டி வாதாடிப் பயனில்லை, நியாயம் அவர் பக்கம். ஒரு ஸ்டேஷன் வரை காத்திருப்பார்கள் என்று ஊரில் சொல்வதை நம்பி இருக்க வேண்டாம்.

டிக்கெட் போடும்போதே மறந்திருந்தால், பதிவு செய்த டிக்கெட்டுகளின் பட்டியலுக்குள் போய் `Change Boarding Point` மூலம் மாற்றலாம். இதற்குக் காலக்கெடு உண்டு என்பதால் கடைசி நாள் வரை தள்ளிப்போடக் கூடாது. ஒரே ஒரு முறைதான் மாற்ற முடியும். மாற்றியபின் மேட்டுப்பாளையத்தில் ஏறும் உரிமை போய்விடும். மனம் மாறி அங்கேயே ஏறினால், அங்கிருந்து கோவை வரைக்கும் கட்டணமும் அபராதமும் கட்ட வேண்டிவரும்.

தேதியிலும் ஒரு கண்ணி இருக்கிறது. மேட்டுப்பாளையம், கோவை இரண்டையும் நீலகிரி ஒரே இரவில், நள்ளிரவுக்கு முன்பே கடந்துவிடுவதால் அங்கே சிக்கல் இல்லை. ஆனால் 15-ஆம் தேதி இரவு புறப்படும் ஒரு வண்டி உங்கள் ஊருக்கு 16-ஆம் தேதி அதிகாலை ஒரு மணிக்கு வருகிறது என்றால், புறப்படும் ஊரிலிருந்து எடுக்கும் டிக்கெட்டுக்கு 15-ஐத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். 16 என்று போட்டால் அது மறுநாள் வண்டி.

திரும்பும் பயணத்துக்கு இவ்வளவு கவனம் வேண்டாம். சென்னையிலிருந்து கோவைக்கு இடம் இல்லாமல் மேட்டுப்பாளையம் வரை இருந்தால், அதை எடுத்துக்கொண்டு கோவையில் இறங்கிவிடலாம். முன்னாலேயே இறங்குவதற்கு யாரிடமும் எதையும் மாற்றச் சொல்ல வேண்டியதில்லை.

புறப்படும் ஊர் வெகுதூரத்தில் இருந்தால் கணக்கு வேறு. கன்னியாகுமரியிலிருந்து சென்னை போகும் வண்டியில் திண்டுக்கல்லில் ஏறுபவர், போகாத சுமார் 300 கிலோமீட்டருக்கும் பணம் கொடுக்க வேண்டும். தூரம் கூடக்கூட கிலோமீட்டருக்கான கட்டணம் குறையும் என்பதால் சுமை முழு விகிதத்தில் ஏறாது. ஆனாலும் ஏ.சி. வகுப்பில், நான்கு பேர் குடும்பத்துக்கு அது கனமாகத்தான் இருக்கும். அதைவிட உங்கள் ஊரிலேயே புறப்படும் வண்டி இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். மதுரைக்காரருக்கு அங்கிருந்தே கிளம்பும் பாண்டியன் எக்ஸ்பிரஸ் இருக்கும்போது, தெற்கேயிருந்து நிரம்பி வரும் வண்டிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

இந்த வழியிலும் எல்லா நாளும் இடம் கிடைத்துவிடாது. பொங்கல், தீபாவளி நாட்களில் புறப்படும் ஊரின் கூடையும் காலியாகிவிடும். இப்போது முன்பதிவு 60 நாளுக்கு முன்பு திறக்கிறது. 2024 நவம்பருக்கு முன் அது 120 நாளாக இருந்தது. அந்த 60-ஆம் நாள் காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால்தான் பண்டிகைக்கு வழி. மற்ற வாரங்களில், பஸ் டிக்கெட் எடுக்கும் முன் இன்னொரு முறை, மேட்டுப்பாளையம் என்று தட்டிப் பாருங்கள் என்றுதான் அக்கா மகளிடமும் சொன்னேன்.