முப்பத்தெட்டு ஐந்நூறும் நிரம்பாத கவர்களும்

திருப்பூர்ப் பக்கம் சின்னத் தையல் யூனிட்டுகளில் சனிக்கிழமைதான் சம்பள நாள். வங்கிக் கணக்கில் போடும் பழக்கம் வந்துவிட்டாலும், பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர்கள் பலருக்கு இன்றும் கவரில்தான் கூலி போகிறது. கவரில் பணம் கொடுக்கிற இடத்தில், எவ்வளவு பணம் என்ற கேள்வியோடு எந்த நோட்டில் எத்தனை என்ற கேள்வியும் சேர்ந்து வரும். கணக்குப்பிள்ளை முதல் கேள்விக்கு மட்டும் விடை வைத்துக்கொண்டு வங்கிக்குப் போனால், சாயங்காலம் சில்லறைக்காகப் பக்கத்துக் கடை ஏறி இறங்க வேண்டியதுதான்.

ஐந்து பேர் மட்டும் வேலை செய்யும் ஒரு யூனிட்டை எடுத்துக்கொள்வோம். இந்த வாரக் கூலி 4,870, 3,690, 2,940, 3,380, 4,260. கூட்டினால் 19,140 ரூபாய். காசோலையில் 19,140 என்று எழுதி நீட்டினால், கேஷியர் தன் வசதிக்கு 38 ஐந்நூறு, ஒரு நூறு, இரண்டு இருபது என்று எண்ணிக் கொடுப்பார். ஒரு ரூபாய்கூடக் குறையாது. ஆனால் அந்த 41 நோட்டை வைத்துக்கொண்டு ஐந்து கவரில் ஒன்றைக்கூடச் சரியாக நிரப்ப முடியாது. முதல் ஆளுக்கு ஒன்பது ஐந்நூறு வைத்த பிறகு 370 வேண்டும். கையில் ஐந்நூறு தவிர இருப்பதோ 140. மற்ற நால்வருக்கும் இதே கதைதான்.

அதனால் மொத்தத்தைப் பிரிக்கக் கூடாது. ஒவ்வொருவர் கூலியையும் தனித்தனியாக நோட்டாகப் பிரித்து, அந்த நோட்டு எண்ணிக்கைகளைக் கூட்ட வேண்டும். பிரிப்பதற்கு வேண்டியது ஐந்தாம் வகுப்பு வகுத்தல்தான்: ஈவும் மீதியும்.

முதல் ஆளின் 4,870-ஐ ஐந்நூறால் வகுத்தால் ஈவு 9, மீதி 370. ஈவு கவருக்குப் போகிற நோட்டு எண்ணிக்கை. மீதி அடுத்த நோட்டுக்குப் போகிற தொகை. 370-ஐ இருநூறால் வகுத்தால் ஈவு 1, மீதி 170. நூறால் வகுத்தால் 1, மீதி 70. ஐம்பதால் 1, மீதி 20. இருபதால் 1, மீதி பூஜ்யம். பத்து ரூபாய்க்கு வேலை இல்லை. புதிதாகச் செய்பவர்கள் சறுக்குவது மீதியைக் கீழே இறக்குவதில்தான். 370-ஐ எடுக்காமல் பழைய 4,870-ஐயே இருநூறாலும் வகுத்தால், 24 இருநூறு என்று வந்து நிற்கும்.

பெரிய நோட்டிலிருந்து இறங்கி வருவதற்கும் காரணம் உண்டு. இரண்டு இருநூறும் ஒரு நூறும் ஓரிடத்தில் சேர்ந்தால் அதை ஓர் ஐந்நூறாக மாற்றலாம். இரண்டு இருபதும் ஒரு பத்தும் சேர்ந்தால் ஓர் ஐம்பது. பெரியதை முதலில் எடுப்பவர் இந்த மாற்றங்களை முன்கூட்டியே செய்துவிடுகிறார். நம் ஊர் நோட்டு வரிசை முழுதாகக் கையில் இருக்கும்வரை, இதைவிடக் குறைந்த எண்ணிக்கையில் அந்தத் தொகையைக் கட்ட முடியாது.

ஐந்து பேருக்கும் இப்படிப் பிரித்துக் கூட்டினால் 35 ஐந்நூறு, 5 இருநூறு, 3 நூறு, 4 ஐம்பது, 6 இருபது, 2 பத்து. ஆக 55 நோட்டு. இனி ஒரு சரிபார்ப்பு பாக்கி: 17,500, 1,000, 300, 200, 120, 20 என்று பெருக்கிக் கூட்டினால் மறுபடி 19,140 வர வேண்டும், வருகிறது. வங்கிக்கு எடுத்துப் போக வேண்டியது இந்தத் துண்டுச் சீட்டு.

ஆள் கூடினால் கையால் செய்ய மாளாது, எக்செல்லில் போட்டுவிடலாம். A2-வில் கூலி இருந்தால்:

```
B2: =INT(A2/500)
C2: =MOD(A2,500)
D2: =INT(C2/200)
E2: =MOD(C2,200)
```

INT ஈவைத் தரும், MOD மீதியைத் தரும். இப்படியே பத்து ரூபாய் வரை நீட்டிக்கொண்டு போய், கீழ்நோக்கி இழுத்துவிட்டால் எல்லா ஆளுக்கும் முடிந்தது.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. பீஸ் ரேட் கணக்கில் பைசா ஒட்டிக்கொண்டு வரும். உண்மையான கூலி 4,869.60 ஆக இருக்கலாம். பைசாவைக் காட்டாதபடி கட்டத்தை அமைத்திருந்தால் திரையில் 4,870 என்றே தெரியும். ஆனால் வகுத்தல் நடப்பது உள்ளே இருக்கும் எண்ணில். ஐம்பதை எடுத்த பிறகு மீதி 19.60, அதில் இருபது அடங்காது. ஒரு பத்து மட்டும் வந்து, கவரில் 4,860 ரூபாய்தான் விழும். சம்பளச் சீட்டில் 4,870, கவரில் பத்து ரூபாய் குறைவு என்றால் அடி விழுவது கணக்குப்பிள்ளையின் பெயருக்கு. நோட்டுகளைத் திரும்பப் பெருக்கிக் கூட்டும் ஒரு பத்தி பக்கத்தில் இருந்தால் இது உடனே பிடிபடும். மருந்தும் எளிது: வகுப்பதற்கு முன்பே `=ROUND(A2,-1)` போட்டுத் தொகையைப் பத்துக்கு முழுமையாக்கி, கூடுதல் குறைச்சலை அடுத்த வாரக் கணக்கில் எழுதிவிடலாம். அப்படி முழுமையாக்க ஆட்கள் சம்மதிக்காவிட்டால், வரிசையை 5, 2, 1 ரூபாய் நாணயம் வரை நீட்ட வேண்டும். முறை அதேதான்.

எந்த எண்ணால் வகுப்பது என்பது மட்டும் காலத்துக்குக் காலம் மாறும். 2016 நவம்பர் 8 இரவு பழைய ஐந்நூறும் ஆயிரமும் செல்லாமல் போய், புது இரண்டாயிரம் வந்தது. புது ஐந்நூறு தாராளமாகக் கிடைக்கும்வரை, இரண்டாயிரத்துக்கு அடுத்து நேராக நூறுதான் என்ற நிலை. அப்போது 1,900 ரூபாய் கூலிக்கு 19 நூறு எண்ண வேண்டியிருந்தது. இருநூறு ரூபாய் நோட்டு 2017 ஆகஸ்டில் வந்தது. 2023 மே 19 அன்று இரண்டாயிரத்தைத் திரும்பப் பெறுவதாக ரிசர்வ் வங்கி அறிவித்த பிறகு, வரிசை ஐந்நூறில் தொடங்குகிறது.

வரிசையில் நடுவே ஒரு நோட்டு கிடைக்காமல் போகும்போதுதான் இந்த முறை தடுமாறும். பத்து ரூபாய் நோட்டு இல்லை என்று கேஷியர் கையை விரிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நம் பட்டியலில் பத்து தேவைப்பட்டவர்கள் இருவர். 4,260 வாங்குபவருக்கு ஐந்நூறும் இருநூறும் போக 60 மீதி. வழக்கம்போல ஐம்பதை எடுத்தால் பத்து மாட்டிக்கொள்ளும். எக்செல்லும் மீதி 10 என்று காட்டிவிட்டு நின்றுவிடும். ஆனால் மூன்று இருபது வைத்தால் 60 சரியாக வருகிறதே! 3,380 வாங்குபவருக்கும் கடைசி 80-ஐ ஐம்பது இல்லாமல் நான்கு இருபதாகக் கட்டலாம். பத்தோ முப்பதோ மாட்டிக்கொண்டால், மேலே உள்ள ஈவில் ஒன்றைக் குறைத்து, அந்த நோட்டின் மதிப்பை மீதியோடு சேர்த்துவிட்டு, இருபதால் பார்ப்பதுதான் வழி. மாட்டிய 10-உடன் ஓர் ஐம்பதைச் சேர்த்தால் 60, 30-உடன் சேர்த்தால் 80. குறைக்க ஐம்பதே இல்லாத கூலியில் ஒரு நூறை உடைக்க வேண்டும்: 110 என்றால் ஓர் ஐம்பதும் மூன்று இருபதும்.

இப்படித் திருத்தினால் சீட்டில் ஐம்பது நான்கிலிருந்து இரண்டாகக் குறைந்து, இருபது ஆறிலிருந்து பன்னிரண்டாக ஏறும். மொத்தம் 57 நோட்டு, தொகை அதே 19,140. கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன் சீட்டில் இந்த இரண்டு வரியையும் அடித்துத் திருத்தி, இருபது ரூபாய் நோட்டாகக் கேட்டு வாங்கிவிட வேண்டும்.