ஒன்பதாம் கார்பனில் ஒரு வளைவு

நல்லெண்ணெயில் இருக்கும் கொழுப்பு அமிலங்களில் ஏறக்குறைய 40 விழுக்காடு லினோலியிக் அமிலம். கிட்டத்தட்ட அதே அளவு ஓலியிக் அமிலமும் உண்டு. இரண்டும் 18 கார்பன் நீளமுள்ள சங்கிலிகள். இரண்டிலும் இடையிடையே இரட்டைப் பிணைப்பு வந்து சங்கிலி வளைந்திருக்கும். பாடப்புத்தகத்தில் கொழுப்பு எரியும் விதத்தைச் சொல்ல வரும்போது எடுத்துக்கொள்வதோ பால்மிடிக் அமிலத்தை: 16 கார்பன், நேரான சங்கிலி, ஒரு சிக்கலும் இல்லை. நாம் சாப்பிடும் எண்ணெய் அவ்வளவு ஒழுங்காக இருப்பதில்லை.

முதலில் அந்த நேர்வழியையே பார்த்துவிடலாம். 1904இல் ஃபிரான்ஸ் நூப் என்ற ஜெர்மானியர் ஒரு சோதனை செய்தார். கொழுப்பு அமிலத்தின் வால் நுனியில் உடலால் எளிதில் சிதைக்க முடியாத ஒரு வளையத்தை மாட்டி, அதை நாய்களுக்குக் கொடுத்துச் சிறுநீரைச் சோதித்தார். சங்கிலியில் கார்பன்கள் இரட்டைப்படையாக இருந்தால், வளையத்தோடு இரண்டு கார்பன் ஒட்டிய துண்டு வெளியே வந்தது. ஒற்றைப்படையாக இருந்தால் ஒரு கார்பன் ஒட்டிய துண்டு. ஒவ்வொரு கார்பனாகக் கழன்றிருந்தால் இந்த வேறுபாடு வந்திருக்காது. ஆக, கரும்பை இரண்டிரண்டு கணுவாக நறுக்குவதுபோல உடல் கொழுப்பை இரண்டிரண்டு கார்பனாக வெட்டுகிறது. நொதிகளைப் பிரித்தெடுக்கும் வசதி வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, நாயின் சிறுநீரை மட்டும் வைத்து இதைக் கண்டுகொண்டார் நூப்.

வெட்டு நடக்கும் இடம் மைட்டோகாண்ட்ரியா. கோஎன்சைம் ஏ என்ற கைப்பிடி பூட்டப்பட்ட அமிலம், கார்னிட்டைன் துணையோடு உள்ளே போகிறது. அங்கே ஒவ்வொரு சுற்றிலும் நான்கு வேலைகள். முதல் நொதி, கைப்பிடிப் பக்கத்திலிருந்து எண்ணினால் 2ஆவது, 3ஆவது கார்பன்களிலிருந்து ஹைட்ரஜனை எடுத்து, அவற்றுக்கிடையே ஓர் இரட்டைப் பிணைப்பை உண்டாக்கும். அடுத்தது அங்கே தண்ணீரைச் சேர்க்கும். மூன்றாவது மறுபடி ஹைட்ரஜனை எடுக்கும். நான்காவது வெட்டும். வெட்டுண்ட இரண்டு கார்பன் துண்டுதான் அசிட்டைல் கோஏ. 3ஆவது கார்பனுக்கு ‘பீட்டா’ என்ற பழைய பெயர் உண்டு. ஆக்சிஜனேற்றம் அங்கே நடப்பதால் பீட்டா ஆக்சிஜனேற்றம்.

தண்ணீர் சேர்க்கும் அந்த இரண்டாம் நொதியைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அதற்கு இரட்டைப் பிணைப்பு 2ஆவது கார்பனில் தொடங்க வேண்டும். அதுவும் டிரான்ஸ் வடிவில், அதாவது பிணைப்பின் இரு முனைகளிலும் சங்கிலி எதிரெதிர்ப் பக்கம் போக வேண்டும். முதல் நொதி எப்போதும் அப்படித்தான் செய்து தரும். ஆனால் எண்ணெய் வித்தில் செடி உண்டாக்கிய இரட்டைப் பிணைப்புகள் பெரும்பாலும் சிஸ் வடிவம்: சங்கிலி இரு முனைகளிலும் ஒரே பக்கமாகத் திரும்பும். சங்கிலி வளைவதற்குக் காரணமும் இதுவே.

இப்போது லினோலியிக் அமிலத்தை உள்ளே விடுவோம். அதன் இரட்டைப் பிணைப்புகள் 9ஆவது, 12ஆவது கார்பன்களில் தொடங்குகின்றன. மூன்று சுற்று தடையில்லாமல் ஓடி, ஆறு கார்பன் கழன்றுவிடும். மிச்சம் 12 கார்பன். 9இல் இருந்த பிணைப்பு இப்போது 3இல், 12இல் இருந்தது 6இல். 3ஆவது கார்பன் ஏற்கெனவே 4ஆவதோடு இரட்டையாகப் பிணைந்திருப்பதால், 2க்கும் 3க்கும் நடுவே புதிதாக ஒன்றை உண்டாக்க வழியில்லை. வேலை நின்றுவிடும்.

இங்கே வருகிறது ஈனாயில் கோஏ ஐசோமரேஸ். 3இல் இருக்கும் பிணைப்பை 2க்கு நகர்த்தி, சிஸ்ஸை டிரான்ஸாகத் திருப்பிவிடும். முதல் நொதிக்கு அந்தச் சுற்றில் வேலையில்லை. தண்ணீர் சேர்ப்பதிலிருந்து சுற்று தொடரும். ஒரே ஓர் இரட்டைப் பிணைப்புள்ள ஓலியிக் அமிலத்துக்கு இந்த ஒரு நொதியே போதும்.

லினோலியிக் அமிலத்துக்கு இன்னொரு முட்டுக்கட்டை காத்திருக்கிறது. அந்தச் சுற்று முடிந்ததும் மிச்சம் 10 கார்பன், இரண்டாம் பிணைப்பு 4இல். முதல் நொதி வழக்கம்போல 2இல் ஒன்றை உண்டாக்கிவிடும். இப்போது 2இலும் 4இலும் அடுத்தடுத்து இரண்டு இரட்டைப் பிணைப்புகள். இதைக் கையாள 2,4-டையீனாயில் கோஏ ரிடக்டேஸ் என்ற நொதி வேண்டும். அது NADPH என்ற மூலக்கூறிலிருந்து ஹைட்ரஜனை வாங்கி, இரண்டு பிணைப்புகளையும் 3இல் தொடங்கும் ஒரே பிணைப்பாக்கும். 3இல் இருப்பதை 2க்கு நகர்த்த ஐசோமரேஸ் தயாராக இருக்கிறதே! அதன்பின் தடையேயில்லை. மொத்தம் ஒன்பது அசிட்டைல் கோஏ.

இந்த ரிடக்டேஸ் வழி வெகுகாலம் தெரியாமலிருந்தது. வேறொரு நொதியின் வழியாக நடக்கிறது என்று பாடநூல்கள் சொல்லிவந்தன. 1978இல் குனாவ், டோமஸ் இருவரும் மாட்டு ஈரல் மைட்டோகாண்ட்ரியாவில் இடைப்பொருள்களைத் தேடிப்பிடித்த பிறகே கணக்கு நேரானது.

வளைவுகளை நிமிர்த்தக் கொஞ்சம் செலவும் உண்டு. நேரான 18 கார்பன் ஸ்டியரிக் அமிலம் இன்றைய கணக்கில் 120 ஏடிபி தரும் என்றால், லினோலியிக் 116 தரும். இழப்பு சொற்பம். ஆனால் ரிடக்டேஸ் வேலை செய்யாவிட்டால் நிலைமை வேறு. அரிதாகச் சில குழந்தைகளிடம் இது காணப்பட்டிருக்கிறது. இரண்டு இரட்டைப் பிணைப்புள்ள அந்த 10 கார்பன் துண்டு கார்னிட்டைனோடு ஒட்டி இரத்தத்தில் தேங்குவதை வைத்து மருத்துவர்கள் அடையாளம் காண்கிறார்கள். இவர்களில் சிலரிடம் ரிடக்டேஸ் மரபணுவில் பழுதே இல்லை. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் NADPH உருவாவதற்குத் தேவையான வேறொரு நொதிதான் கெட்டிருந்தது.

ஒற்றைப்படைச் சங்கிலியின் சிக்கல் இன்னொரு வகை. 17 கார்பன் அமிலம் ஏழு சுற்றும் சுமுகமாக ஓடும். கடைசியில் மூன்று கார்பன் துண்டு ஒன்று மிஞ்சும். அதன் பெயர் புரோப்பியோனைல் கோஏ. பாலிலும் நெய்யிலும் இத்தகைய அமிலங்கள் சிறிதளவு உண்டு. மாட்டின் இரைப்பை நுண்ணுயிரிகள் காரணம். உண்மையில் நம் உடலில் இந்தத் துண்டு மிகுதியாக வருவது நெய்யிலிருந்து அல்ல, வேலின், ஐசோலியூசின் போன்ற அமினோ அமிலங்களிலிருந்து. எங்கிருந்து வந்தாலும் போகும் வழி ஒன்றே.

பயோட்டின் துணையுள்ள ஒரு நொதி, ஓர் ஏடிபியைச் செலவழித்து, அதனோடு ஒரு கார்பனைச் சேர்த்து மெத்தில்மலோனைல் கோஏ ஆக்குகிறது. இரண்டாவது நொதி அதைக் கண்ணாடி பிம்ப வடிவுக்கு மாற்றுகிறது. மூன்றாவது, மியூட்டேஸ், உள்ளிருக்கும் அணுக்களை இடம் மாற்றி சக்சினைல் கோஏ ஆக்குகிறது. அது கிரெப்ஸ் சுழற்சியில் சேர்ந்துவிடும். அங்கிருந்து குளுக்கோஸாகவும் மாறலாம். இரட்டைப்படைக் கொழுப்பு அமிலத்திலிருந்து நம் உடல் நிகரமாகக் குளுக்கோஸ் செய்துகொள்ள முடியாது. ஒற்றைப்படையின் இந்தக் கடைசி மூன்று கார்பனுக்கு மட்டும் அந்தச் சலுகை.

மியூட்டேஸுக்கு வைட்டமின் பி12 கட்டாயம். அது குறைந்தால் வழி அடைபட்டு, மெத்தில்மலோனிக் அமிலம் இரத்தத்திலும் சிறுநீரிலும் ஏறும். மியூட்டேஸே பிறவியிலேயே பழுதான குழந்தைகள், பிறந்த சில நாளிலேயே வாந்தியும் சோர்வுமாக, இரத்தத்தில் அமிலமும் அம்மோனியாவும் ஏறி ஆபத்தான நிலையில் வருவார்கள். பெரியவர்களிடம் இதே அமிலம் வேறொரு குழப்பத்தைத் தீர்க்க உதவுகிறது. பி12 குறைந்தாலும் ஃபோலேட் குறைந்தாலும் இரத்தச் சிவப்பணுக்கள் ஒரே மாதிரி பெருத்துச் சோகை வரும். ஃபோலேட் மாத்திரை கொடுத்தால் இரண்டிலும் சோகை தேறிவிடக்கூடும்; ஆனால் காரணம் பி12 குறைவாக இருந்தால் நரம்புப் பாதிப்பு உள்ளுக்குள் தொடரும். மெத்தில்மலோனிக் அமிலம் ஃபோலேட் குறைவில் ஏறாது, பி12 குறைவில் ஏறும். இந்த முடிவைப் படிக்கும் முன் மருத்துவர் நோயாளியின் கிரியாட்டினின் அளவையும் பார்ப்பார். சிறுநீரகம் தளர்ந்தாலும் இந்த அமிலம் வெளியேறாமல் தேங்கி ஏறும்.