முந்திரியும் பதிலி இணையும்

பழந்தமிழ்க் கணக்கில் முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. 2019 மார்ச்சில் வெளிவந்த ஒருங்குறி 12.0 பதிப்பில் அதன் குறியீட்டுக்கு U+11FC0 என்னும் குறியெண் வழங்கப்பட்டது. பதின்ம முறையில் இது 73664 ஆகும். யூ.ரி.எவ்.-16 முறையின் ஓரலகோ 65535 வரையான எண்களையே தாங்கும். ஆதலின் முந்திரியை இரண்டு அலகுகளாகப் பிரித்தெழுதுகின்றோம். அவ்விரண்டும் பதிலி இணை எனப்படும்.

முதலில் 73664இலிருந்து 65536ஐக் கழிக்க, 8128 எஞ்சும். அதனை 1024ஆல் வகுக்க, ஈவு 7, மீதி 960. முதற்பதிலிகள் 55296இலும் இரண்டாம் பதிலிகள் 56320இலும் தொடங்குவதால், ஈவை முன்னதனோடும் மீதியைப் பின்னதனோடும் கூட்டுகின்றோம்.

```
55296 + 7   = 55303 = D807
56320 + 960 = 57280 = DFC0
```

மீட்கும்போது அவ்விரு தொடக்க எண்களையும் கழித்து, ஈவை 1024ஆற் பெருக்கி, மீதியையும் 65536ஐயும் சேர்க்கின்றோம்.

```
7 × 1024 + 960 + 65536 = 73664
```

65536ஐக் கழிக்க மறப்பதே இங்கு நேரும் பெரும்பிழை. அவ்வாறு மறந்தால் ஈவு 71 ஆகி, முதற்பதிலி D847 ஆகிவிடும். 65536 என்பது 1024ஆல் மீதியின்றி வகுபடுவதால் இரண்டாம் பதிலி மாறுவதில்லை. பிழையும் எளிதிற் புலப்படுவதில்லை. மீட்கும்போதும் அவ்வெண்ணைக் கூட்ட மறந்தால், எழுதியவர் தமது சோதனையில் முந்திரியையே காண்பார். முறைப்படி வாசிக்கும் பிறர் கணினியிலோ அவ்விடத்தில் U+21FC0 என்னும் சீன எழுத்து நிற்கும். ஆகவே பழங்கணக்கேடுகளை மின்வடிவாக்குவோர், தாம் எழுதியதைப் பிறிதொரு செயலியில் வாசித்துச் சரிபார்த்தல் வேண்டும்.