மூன்று வாட்ச் கட்டிய நண்டு

ஒரு நண்டு. அது மூன்று கைக்கடிகாரங்களைக் கட்டிக்கொண்டிருக்கிறது. சீன இணையத்தில் 2000களின் பிற்பகுதியில் வலம்வந்த மீம் இது. சீனர்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். அரசுத் தணிக்கைக்காரர்களுக்கு எரிச்சல் வந்தது. நம்மூரில் ஒருவரிடம் அதைக் காட்டினால் "நண்டுக்கு எதுக்குய்யா வாட்ச்?" என்று கேட்பார், அவ்வளவுதான். இந்தப் படத்தைத் தமிழில் கொண்டுவர முடியுமா என்று பார்ப்போம். மொழிபெயர்ப்பவருக்கு இதைவிடக் கடினமான மீம் கிடைப்பது அரிது.

முதலில் நண்டு. 2004இல் சீன அதிபர் ஹூ ஜிந்தாவின் தலைமையில் கட்சி ஒரு கொள்கையை முன்வைத்தது. நல்லிணக்கச் சமுதாயம் கட்டுவது என்பது அதன் பெயர். நல்லிணக்கத்துக்குச் சீனத்தில் 'ஹ ஷியே' என்பார்கள். ஆற்று நண்டுக்கும் 'ஹ ஷியே'தான். கடைசி அசையைச் சொல்லும் தொனி மட்டும் மாறும்: நல்லிணக்கத்தில் குரல் ஏறும், நண்டில் இறங்கும். எழுத்துகள் இரண்டுக்கும் முற்றிலும் வேறு.

இணையப் பதிவுகளும் தளங்களும் ஒவ்வொன்றாகக் காணாமல்போனபோது, அது நல்லிணக்கத்தின் பெயரால் நடப்பதாகவே மக்கள் எடுத்துக்கொண்டார்கள். பதிவு நீக்கப்பட்டால் "என் பதிவு நல்லிணக்கமாக்கப்பட்டுவிட்டது" என்று எழுதத் தொடங்கினார்கள். கிண்டல் அளவு மீறியதும் அந்தச் சொல்லே கண்காணிப்புக்கு உள்ளானது. உடனே நல்லிணக்கத்துக்குப் பதில் ஆற்று நண்டு என்று எழுதினார்கள். எழுத்து வேறு என்பதால் வடிகட்டும் மென்பொருளுக்கு அது ஏதோ கடலுணவுச் செய்தி. படிப்பவர் காதில் மட்டும் கட்சியின் முழக்கம் ஒலிக்கும்.

இனி கைக்கடிகாரம். ஹூவுக்கு முன் அதிபராக இருந்த ஜியாங் ஜெமின் 2000இல் தன் பங்குக்கு ஒரு கோட்பாடு தந்தார். முன்னேறிய உற்பத்தி ஆற்றல், முன்னேறிய பண்பாடு, பெரும்பான்மை மக்களின் நலன் ஆகிய மூன்றுக்கும் கட்சியே பிரதிநிதி என்பது அதன் சாரம். இந்த மூன்று பிரதிநிதித்துவம் 2002இல் கட்சியின் விதிகளிலும் 2004இல் நாட்டின் அரசியல் சட்டத்திலும் ஏறியது. சீனத்தில் அதன் பெயர் 'சான் க டாய்பியாவ்'. இதில் 'டாய்' என்ற அசையைப் பிடுங்கி முன்னால் வையுங்கள்: 'டாய் சான் க பியாவ்'. இப்போது அதன் பொருள், மூன்று கைக்கடிகாரம் கட்டுவது. அசைகள் அவையே, தொனிகள் அவையே, வரிசை மட்டும் மாறியிருக்கிறது. அதாவது இந்த நண்டின் மேல் இரண்டு அதிபர்களின் கோட்பாடுகளும் ஏறி உட்கார்ந்திருக்கின்றன.

இதில் ஒரு நுட்பம் உண்டு. சீன நிலப்பரப்பில் புழங்கும் எளிய வரிவடிவத்தில் கைக்கடிகாரத்துக்கும் பிரதிநிதி என்ற சொல்லின் பின்பாதிக்கும் ஒரே எழுத்து. தைவானில் புழங்கும் பழைய வரிவடிவத்தில் கைக்கடிகாரத்துக்குத் தனி எழுத்து. அதனால் இந்த மீம் பெய்ஜிங்கிலிருந்து தைபேவுக்குப் போகும்போதே, காதுக்கு விழுவது கண்ணுக்குக் கொஞ்சம் குறைந்துவிடுகிறது. தமிழுக்கு வரும்போது எவ்வளவு மிஞ்சும் என்று நீங்களே ஊகிக்கலாம்.

சீனர்கள் நண்டைத் தேர்ந்ததில் ஒலியோடு வேறொன்றும் சேர்ந்திருக்கிறது. பக்கவாட்டில் நடப்பது என்று பொருள்படும் சீனச் சொல்லுக்கு, யாருக்கும் அடங்காமல் அட்டகாசம் செய்வது என்ற பொருளும் உண்டு. ஆகவே நண்டு அங்கே ரவுடி. நமக்கோ நண்டு என்றதும் நினைவுக்கு வருவது மூடியில்லாத கூடைக் கதை: ஒன்று ஏறினால் மற்றொன்று காலைப் பிடித்து இழுக்கும். மேடைப் பேச்சாளர்கள் தமிழர் ஒற்றுமையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்தக் கதையைச் சொல்லித் தீர்த்திருக்கிறார்கள். படத்துக்கு ஒரு குறிப்பும் தராமல் விட்டால் தமிழ் வாசகர் அந்தக் கதையைத்தான் இதில் ஏற்றிப் படிப்பார். அதிகாரத்தைக் கேலி செய்ய வந்த நண்டு, நம்மை நாமே நொந்துகொள்ளும் நண்டாக மாறிவிடும். மீம் மொழிபெயர்ப்பில் எனக்கு மிக ஆபத்தாகப் படுவது இந்தத் தவறுதான். வாசகருக்குப் புரியவில்லை என்றால் கேட்பார். தப்பாகப் புரிந்தால் கேட்கவே மாட்டார்.

எதிர்ப்பக்கத்தில் நாமும் நின்றிருக்கிறோம். 2019 மே மாதம் நேசமணிக்காகப் பிரார்த்திக்கச் சொல்லித் தமிழர்கள் ட்விட்டரை நிரப்பியபோது, மற்ற மாநிலத்துக்காரர்கள் யார் இந்த நேசமணி என்று விசாரித்தார்கள். 'பிரெண்ட்ஸ்' படத்தில் வடிவேலு தலையில் சுத்தியல் விழும் காட்சியை யாராவது போட்டுக் காட்டினால் போதும், பாதிச் சிரிப்பாவது வந்துவிடும். ஏனென்றால் அது காட்சியில் நிற்கிற நகைச்சுவை. நண்டோ ஒலியில் நிற்கிறது. காட்சியைப் போட்டுக் காட்டலாம், ஒலியை அப்படிக் காட்ட முடியாது.

சரி, வேலையில் இறங்குவோம். கதையிலோ கட்டுரையிலோ ஒரு சிலேடை வந்தால், நண்டை எடுத்துவிட்டுத் தமிழுக்கு ஒத்துவரும் வேறொரு விலங்கை வைக்கலாம். மீமில் அதற்கு வழியில்லை. படம் மாறாது, நண்டு அங்கேயே உட்கார்ந்திருக்கும், மூன்று கடிகாரங்களும் இருக்கும். மாற்றக்கூடியது வாசகம் ஒன்றுதான். அந்த வாசகத்துக்கும் இடம் சிறிது. சீனத்தில் 'மூன்று கைக்கடிகாரம் கட்டுவது' என்பதை நான்கே எழுத்தில் எழுதிவிடலாம். தமிழில் அதே இடத்தில் எழுதப் போனால் எழுத்து எறும்பளவு சிறுக்கும்.

நேரடியாக 'மூன்று கைக்கடிகாரம் கட்டிய ஆற்று நண்டு' என்று போடலாம். பிழையில்லை, பயனும் இல்லை. அது படத்தில் இருப்பதையே திரும்பச் சொல்கிறது.

அடுத்த வழி, நண்டு என்ற சொல்லுக்குத் தமிழிலேயே ஒலித்துணை தேடுவது. நல்லிணக்கத்தோடு அது எந்த விதத்திலும் ஒட்டாது. ஆனால் பக்கத்திலேயே 'நன்று' இருக்கிறது. 'நாட்டில் எல்லாம் நன்றே நடக்கிறது' என்பது எந்த அரசும் விளம்பரத்தில் போடக்கூடிய வாக்கியம். அதைக் கொஞ்சம் திருகினால்:

'நாட்டில் எல்லாம் நண்டே நடக்கிறது.'

எனக்கு இது பிடித்திருக்கிறது. முதலாவதாக, கேலி சரியான ஆள்மேல் விழுகிறது: எல்லாம் சரியாக இருப்பதாகச் சொல்லும் அரசின் மேல். இரண்டாவதாக, 'நடக்கிறது' என்ற சொல் நண்டின் கோணல் நடையையும் இழுத்துக்கொண்டு வருகிறது. இது மூலத்திலிருந்த ரவுடி நடைக்கு ஓரளவு ஈடு. மூன்றாவதாக, பேச்சுத் தமிழில் யாரும் 'நன்றே' என்று சொல்வதில்லை. அறிக்கைத் தமிழில்தான் அது வரும். மூலமும் அறிக்கைச் சீனத்தைத்தானே கேலி செய்கிறது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. இன்னும் கொஞ்சம் சிரிப்புக்கு ஆசைப்பட்டு 'நண்டாகவே நடந்தது' என்று எழுதிவிடத் தோன்றும். எழுதினால் தமிழ்நாட்டு வாசகருக்கு உடனே கடைச் சுவர்களிலும் காலண்டர்களிலும் தொங்கும் கீதாசாரம் நினைவுக்கு வரும். சிரிப்பு நிச்சயம் கூடும். ஆனால் கேலி கீதையின் மேலும் விதியின் மேலும் போய் விழும். சீனக் கட்சி படத்திலிருந்தே மறைந்துவிடும். உள்ளூர்க் குறிப்பு ஒன்றைக் கொண்டுவரும்போது அதன் முழுச் சுமையும் கூடவே வரும். நான் அதை எடுக்க மாட்டேன்.

கடிகாரம் இன்னும் முரண்டு பிடிக்கிறது. 'பிரதிநிதி'யையும் 'கைக்கடிகார'த்தையும் தமிழில் எந்தத் திருகலும் சேர்க்காது. ஆனால் நாம் பேசும்போது கைக்கடிகாரம் என்றா சொல்கிறோம்? வாட்ச் என்கிறோம். கண்காணிப்பதையும் 'வாட்ச் பண்றாங்க' என்கிறோம். ஆகவே: 'கட்டியிருப்பது மூணு வாட்ச். வாட்ச் பண்றது நம்மளை.' இதில் ஜியாங்கின் கோட்பாடு போய்விட்டது, அதை மறைக்க வேண்டியதில்லை. அதற்குப் பதிலாகக் கண்காணிப்பு வந்திருக்கிறது. அது சீன வாசகத்தில் சொல்லாக இல்லாவிட்டாலும் மீம் பிறந்த காரணமே அதுதான். ஓரிடத்தில் இழந்ததை வேறிடத்தில் ஈடுகட்டுவது இந்தத் தொழிலில் ஒப்புக்கொள்ளப்பட்ட வழக்கம்.

இரண்டு வாசகங்களையும் ஒரே படத்தில் போடக் கூடாது. ஒன்று அறிக்கைத் தமிழ், மற்றது பேச்சுத் தமிழ். அடுத்தடுத்து வந்தால் இரண்டும் கெடும்.

சரியாக வந்ததா என்று சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. பின்னணி தெரியாத ஒருவரிடம் படத்தைக் காட்டி, "இது யாரைக் கிண்டல் பண்ணுது?" என்று மட்டும் கேளுங்கள். சிரித்தாரா என்று பார்க்க வேண்டாம். "அரசாங்கத்தை" என்றால் பாதிக்கு மேல் தேறிவிட்டது. "நண்டை" என்றால் மறுபடி எழுத வேண்டும். "தமிழனை" என்றால் கூடைக் கதை உள்ளே புகுந்துவிட்டது என்று பொருள்.

மொழிபெயர்க்காமலே சமாளித்தவர்களும் உண்டு. சீனக் கலைஞர் அய் வெய்வெய், உள்ளூர் அதிகாரிகள் அழைத்ததால் ஷாங்காயில் ஒரு கலைக்கூடம் கட்டினார். பிறகு அது சட்டவிரோதக் கட்டடம் என்று சொல்லி இடிக்க உத்தரவு வந்தது. அவர் 2010 நவம்பரில் அங்கே ஆற்று நண்டு விருந்துக்கு எல்லோரையும் அழைத்தார். விருந்தன்று அவரைப் பெய்ஜிங்கில் வீட்டுக்காவலில் வைத்தார்கள். ஆனாலும் நூற்றுக்கணக்கானோர் வந்து நண்டு தின்றார்கள். 2011 ஜனவரியில் கட்டடம் இடிக்கப்பட்டது. பின்னர் ஆயிரக்கணக்கான பீங்கான் நண்டுகளைக் குவித்து ஒரு படைப்பும் செய்தார். வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் அது 'ஹ ஷியே' என்ற சீனப் பெயரோடே வைக்கப்பட்டது. விளக்கம் சுவரில் இருந்தது. அருங்காட்சியகத்தில் இது சரிப்படும். அங்கே வருபவர் நின்று படிப்பார். கைபேசியில் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போகிறவர் நிற்க மாட்டார்.

ஆகவே என் முடிவு இது. பத்திரிகையில் அச்சிடுவதானால் 'நாட்டில் எல்லாம் நண்டே நடக்கிறது' என்று படத்தின் மேலும், நல்லிணக்கம், மூன்று பிரதிநிதித்துவம் இரண்டையும் பற்றி மூன்று வரிக் குறிப்பைப் படத்துக்குக் கீழேயும் போடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் வாட்ச் வாசகத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்; அது குறிப்பில்லாமலே ஓடும். ஜியாங் ஜெமினின் கோட்பாட்டை மட்டும் எந்தத் தமிழ் வாசகத்திலும் ஏற்ற முடியாது, அதற்கு அடிக்குறிப்பு ஒன்றுதான் வழி.